கல்லின் எழுத்தும் கண்ணின் எழுத்தும்
(தமிழ்க் கல்வெட்டுப் பயிற்சி அரங்கில் நிகழ்த்திய உரை)



தூய தமிழ் பேணுவோர் கல்வெட்டை நாடி வருதற்கு ஒரு காரணம் உண்டு. ஏட்டில் எழுதியதைப் பின்வந்தோர் திருத்தியிருக்கலாம். கல்லில் வெட்டியதை அங்ஙனம் எளிதில் திருத்த இயலாது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழன் எழுதிய தமிழ், எழுதியபடியே கல்லில் இருக்கின்றது. ஆனால், அந்தக் கல்லைப் படம் பிடித்து வந்து இக்கால எழுத்தில் பெயர்த்தெழுதும்போது, கல்லைத் திருத்தாத கை தாளைத் திருத்திவிடுகின்றது. அதுவும் தமிழ்ப் பற்று மிகுந்த கையே மிகுதியாகத் திருத்துகின்றது. இக்குறை நேரும் வகையையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் ஒரே ஒரு கல்வெட்டை முன்வைத்துக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடையை அடுத்து, யானை படுத்திருப்பது போல நீண்டு கிடக்கும் ஒற்றைப் பாறை ஆனைமலை. அதன் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாள் கோயில் என்னும் குடைவரை உள்ளது. அங்கே இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று வடமொழியில், கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டது. மற்றொன்று தமிழில், வட்டெழுத்தில் வெட்டப்பட்டது. இரண்டும் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் காலத்தன. ஒரே குடைவரையைப் பற்றியன. எப்பிகிராபியா இண்டிகா என்னும் தொகுப்பின் 8-ஆம் தொகுதியில் இவை அச்சேறியுள்ளன. இரண்டெழுத்தும் ஓரிடத்தே அமைந்தமையால், பயில்வோர்க்கு இதனினும் ஏற்ற இடம் அரிது.

தமிழ்க் கல்வெட்டின் வாசகத்தை, வரிப் பிரிப்பை நீக்கி, புள்ளியிட்டுச் சொற்பிரித்துத் தொடராக எழுதினால் இவ்வாறு அமையும்:

“கோமாறஞ்சடையற்கு உத்தரமந்த்ரி களக்குடி வைத்யன் மூவேந்தமங்கலப் பேரரையன் ஆகிய மாறங்காரி இக்கற்றளி செய்து நீர்த்தெளியாதேய் ஸ்வர்க்காரோஹணஞ் செய்த பின்னை அவனுக்கு அநுஜன் உத்தரமந்த்ரபதமெய்தின பாண்டிமங்கல விசைஅரையன் ஆகிய மாறன் எயினன் முகமண்டபஞ் செய்து நீர்த்தெளித்தான்.”

பொருள் எளிது. மாறஞ்சடையன் என்னும் அரசனுக்குத் தலைமை அமைச்சனாக இருந்தவன் களக்குடியைச் சேர்ந்த மருத்துவக் குடியினன் மாறங்காரி. மூவேந்தமங்கலப் பேரரையன் என்பது அவன் பட்டம். அவன் இந்தக் கற்கோயிலைச் செய்தான். ஆனால், திருநீராட்டு நிகழ்த்துமுன் இறந்து போனான். அதன்பின் அவன் தம்பி மாறன் எயினன், அண்ணன் வகித்த அமைச்சுப் பதவியை எய்தி, முன்மண்டபத்தைக் கட்டி நீர்த்தெளித்து முடித்தான். அண்ணன் விட்ட பணியைத் தம்பி முடித்த செய்தி இது.

இனி, இதன் ஒளிப்படம் கையில் கிடைத்த ஒருவர் என்ன செய்தல் வேண்டும் என்று பார்ப்போம்.

முதலில் படத்தையே ஐயுற வேண்டும். கல்லில் எழுத்து என்பது பள்ளம். பள்ளத்தைக் காட்டுவது நிழல். ஒளி நேரே முகத்தில் விழுந்தால் நிழல் இல்லை, எழுத்தும் இல்லை. ஆகவே, கல்லின் பரப்பை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் இருந்து ஒளி விழும்படி படம் எடுத்தல் வேண்டும். வெட்டவெளிக் கல்லாயின் காலை வெயிலும் மாலை வெயிலும் இதற்கு உதவும். ஆனைமலை போன்ற குடைவரையின் உள்ளே கைவிளக்கைச் சுவரை ஒட்டிப் பிடித்தல் வேண்டும். இடப்பக்கம் இருந்து ஒளி விழ ஒரு படம், வலப்பக்கம் இருந்து விழ ஒரு படம் என இரண்டு படங்களாவது எடுக்க வேண்டும். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் வருமாறு எடுத்தால் எந்த எழுத்தும் விடுபடாது.

இரண்டு படங்கள் ஏன்? கல்லில் இயல்பாக அமைந்த கறையும் பாசியும் கோடு போலத் தோன்றும். இடமிருந்து ஒளி விழும் படத்தில் வெட்டுக் கோட்டின் நிழல் ஒரு கரையில் விழும். வலமிருந்து விழும் படத்தில் அந்நிழல் மறுகரைக்கு மாறும். கறை மட்டும் இரண்டு படத்திலும் ஒரே மாதிரி நிற்கும். மாறுவது வெட்டு, மாறாதது கறை. இஃதொன்றை அறிந்தாலே பாதி மயக்கம் நீங்கும். மேலும், ஒளி கீழிருந்து விழும் படத்தில் பள்ளமான எழுத்துப் புடைத்து நிற்பது போல் கண்ணுக்குத் தோன்றும். ஒளி மேலிருந்து வருவதாகவே கண் எண்ணிப் பழகிவிட்டமையே அதற்குக் காரணம். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் அம்மயக்கம் தெளியும்.

எழுத்து விளங்க வேண்டும் என்று சுண்ணப் பொடியையோ சுண்ணக்கட்டியையோ பள்ளத்தில் தேய்ப்பார் சிலர். அது கல்லுக்குக் கேடு என்பது ஒருபுறம் இருக்க, படிப்புக்கும் கேடு. ஏனெனில், தேய்ப்பவர் எதை எழுத்தென்று கருதினாரோ அதையே வெள்ளையாக்குவார். அப்படத்தைப் பின்னர்ப் படிப்பவர் கல்லைப் படிப்பதில்லை. முன்னவரின் கருத்தையே படிக்கின்றார்.

படம் தெளிந்தபின் எழுத்துக்கு வருவோம். வட்டெழுத்து, பழந்தமிழ் எழுத்தில் இருந்து வளைவாகத் திரிந்து வளர்ந்தது. பாண்டி நாட்டிலும் சேர நாட்டிலும் பெருவழக்காக வழங்கியது. பல்லவர் காலத்துச் செங்கம் வட்டார நடுகற்களிலும் அதுவே உள்ளது. பாண்டி நாட்டில் சோழர் ஆட்சி பரவிய பின்னர்த் தமிழ் எழுத்து அதன் இடத்தைப் பிடித்தது. வட்டெழுத்தின் அழகே அதன் இடர்ப்பாடும் ஆகும். எல்லாம் வளைந்து செல்வதால் சில எழுத்துகள் ஒன்றையொன்று மிகவும் ஒத்துவிடுகின்றன. பகரமும் வகரமும் யகரமும் பிற்கால வட்டெழுத்தில் பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருங்கும். நூலில் அச்சிட்ட எழுத்து அட்டவணையை வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க முயல்வது வீண். ஒவ்வொரு காலத்துக் கையும் வேறு. ஒவ்வொரு கல்தச்சன் கையும் வேறு.

ஆகவே, அந்தக் கல்லுக்கு அந்தக் கல்லிலிருந்தே அட்டவணை செய்தல் வேண்டும். ஐயத்திற்கு இடமில்லாத சொற்களை முதலில் எடுத்துக்கொள்க. ஆனைமலைத் தமிழ்க் கல்வெட்டில் ‘பேரரையன்’, ‘பின்னை’, ‘பாண்டி’, ‘மண்டபம்’ என்னும் சொற்கள் உறுதியானவை. அவற்றிலுள்ள பகரத்தைப் படத்திலிருந்து தனித்தனியே வரைந்து ஒரு வரிசையில் வைக்க வேண்டும். ‘மூவேந்த’, ‘அவனுக்கு’, ‘விசை’ என்பவற்றில் உள்ள வகரத்தை வரைந்து அடுத்த வரிசையில் வைக்க வேண்டும். ‘செய்து’, ‘எய்தின’, ‘எயினன்’ என்பவற்றில் உள்ள யகரத்தை மூன்றாம் வரிசையில் வைக்க வேண்டும். இங்ஙனம் வைத்தபின், இந்தத் தச்சன் பகரத்தை எங்கே தொடங்கி எங்கே முடிக்கின்றான், வகரத்தின் வளைவை எவ்வளவு மூடுகின்றான் என்பது தானே புலப்படும். அதன் பின்னரே ஐயமுள்ள எழுத்தை அவ்வரிசைகளோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டும் துணிய முடியாவிட்டால் பகர அடைப்புக்குள் இட்டு, ‘ஐயம்’ என்று காட்டிவிட வேண்டும். ஐயத்தைக் காட்டுவது படித்தவனுக்கு இழுக்கன்று, மறைப்பதே இழுக்கு.

அடுத்தது புள்ளி. கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாது விடுவது பெருவழக்கு. எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டையும் கல் பெரும்பாலும் காட்டாது. புள்ளியில்லாக் கல்லில் ‘நீர்த்தெளித்தான்’ என்பது ‘நீரததெளிததான’ என்பது போல நிற்கும். ‘மூவேந்த’ என்பது ‘மூவெநத’ என்பது போல நிற்கும். ஆகவே, புள்ளியிடுபவரும் நெடிலாக்குபவரும் படிப்பவரே என்பதை ஒருபோதும் மறத்தல் கூடாது. கல்லில் உள்ளது ஒன்று. படிப்பவர் சேர்த்தது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதினால், பின்னே வருபவர்க்கு எது கல், எது கருத்து என்று தெரியாது. மாறாக, சில கற்களில் உண்மையாகவே புள்ளி உண்டு. அப்புள்ளியைக் கல்லின் இயற்கைக் குழியினின்று பிரித்தறிய வேண்டும். உளி வைத்த புள்ளி எழுத்துக்கு மேலே ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே ஆழத்தில் மீண்டும் மீண்டும் வரும். இயற்கைக் குழி, நினைத்த இடத்தில் கிடக்கும்.

இனி, இவ்வுரையின் நடுப்பகுதிக்கு வருவோம். தூய தமிழ் அன்பர் ஒருவர் இக்கல்வெட்டைப் பெயர்த்தெழுதுகின்றார் என்று கொள்க. ‘ஸ்வர்க்காரோஹணம்’ என்னும் இடத்திற்கு வந்ததும் அவர் கை நிற்கின்றது. வாழ்நாள் முழுதும் விலக்கி வந்த எழுத்துகளைத் தம் கையால் எழுத மனம் ஒப்பவில்லை. ‘சுவர்க்காரோகணம்’ என்று எழுதுகின்றார். அல்லது இன்னும் ஒரு படி மேற்சென்று ‘விண்ணேற்றம்’ என்றே எழுதிவிடுகின்றார். ‘உத்தரமந்த்ரி’ என்பதனைத் ‘தலைமை அமைச்சன்’ ஆக்குகின்றார். ‘அநுஜன்’ தம்பியாகின்றான். அவர் செய்தது தமிழ்த் தொண்டா?

அன்று, அது தமிழுக்குச் செய்த கேடே. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதற்காரணம், சான்று அழிகின்றது. வட்டெழுத்தில் ஸகர, ஹகர, ஜகர ஒலிகளுக்கு எழுத்தில்லை. அவ்வொலிகள் வேண்டப்பட்ட இடத்தில் கிரந்த எழுத்தைக் கொண்டுவந்து கலப்பது வெட்டுவோர் வழக்கம். எந்த நூற்றாண்டில், எந்தத் துறையில், எந்த மக்களின் பேச்சில் வடசொல் புகுந்தது என்பதைக் காட்டும் நேர்ச் சான்று அக்கலப்பே. அமைச்சன் பதவிப் பெயரும், இறப்பைக் குறிக்கும் பெருமைச் சொல்லும் வடமொழியில் உள்ளன. கோயிலைக் குறிக்கும் சொல் ‘கற்றளி’ என்று தமிழில் உள்ளது. பதவியின் வழியாகவும் சடங்கின் வழியாகவும் வடசொல் இறங்கியதை இக்கல் சுட்டிக் காட்டுகின்றது. எல்லாவற்றையும் தமிழாக்கி எழுதிவிட்டால், கலப்பே நிகழவில்லை என்று கல் பொய்ச்சான்று சொல்வதாக ஆகும். தனித்தமிழ் இயக்கம் எதனை எதிர்த்து எழுந்ததோ அதற்குரிய சான்றைத் தானே அழிப்பதாகும்.

இரண்டாம் காரணம், தமிழாக்கமும் கல்லிலேயே நிகழ்ந்திருக்கின்றது, அது மறைந்துபோகும். தம்பியின் பட்டத்தைப் பாருங்கள்: ‘பாண்டிமங்கல விசைஅரையன்’. வடமொழியின் ‘விஜய’ என்பது இங்கே ‘விசை’ என்று தமிழ் ஒலியில் எழுதப்பட்டிருக்கின்றது. ஒரே கல்லில், ஒரு சொல் தமிழ் ஒலிக்கு ஆட்பட்டு நிற்கின்றது. மற்றொரு சொல் ஆட்படாமல் நிற்கின்றது. மக்கள் நாவில் நெடுநாள் பழகிய பெயர் தமிழாகிவிட்டது. புதிதாக வந்த பெருமைச் சொல் தமிழாகவில்லை. பெயர்த்தெழுதுபவர் எல்லாச் சொற்களையும் ஒரே வகையில் தமிழாக்கினால், அன்றைய தமிழன் தானே ஆக்கிய தமிழ் எது, இன்றையவர் ஆக்கியது எது என்று யார் பிரித்துச் சொல்வார்?

மூன்றாம் காரணம், நம்பிக்கை போகும். ஓரிடத்தில் மாற்றியவர் என்று தெரிந்தால், மாற்றாத இடத்தையும் எவரும் நம்பார். ‘நீர்த்தெளித்தான்’ என்னும் அருந்தமிழ்ச் சொல் கல்லிலேயே உள்ளது. இன்று ‘கும்பாபிசேகம்’ என்று வழங்குவதற்கு எட்டாம் நூற்றாண்டுத் தமிழன் வழங்கிய சொல் அது. இதனை எடுத்துக்காட்டினால், ‘இதுவும் நீங்கள் மாற்றி எழுதியது தானே’ என்று எதிரி கேட்பான். ‘ஸ்வர்க்காரோஹணம்’ என்பதை உள்ளபடி எழுதியவரே ‘நீர்த்தெளித்தான்’ என்பதை நெஞ்சு நிமிர்ந்து காட்ட முடியும்.

இவ்வளவும் வடசொல்லைத் திருத்துதல் பற்றியது. தமிழ்ச் சொல்லைத் திருத்துவதும் அவ்வாறே தவறு. ‘மாறஞ்சடையன்’ என்பதை ‘மாறன் சடையன்’ என்றும், ‘மாறங்காரி’ என்பதை ‘மாறன் காரி’ என்றும் பிரித்தெழுத இலக்கணம் கற்றவர் கை துடிக்கும். னகரம், சகரத்தின் முன் ஞகரமாகவும் ககரத்தின் முன் ஙகரமாகவும் திரிந்து நிற்பதை அக்கால எழுத்து வழக்காகக் கொள்ள வேண்டும். ‘நீர்த்தெளியாதேய்’ என்பதில் ஈற்று யகர மெய் மிகை என்று நீக்கத் தோன்றும். அந்த யகரம், ஏகார ஈற்றை அன்றையோர் ஒலித்த முறைக்கு ஒரு தடயமாக இருக்கலாம். பிழை என்று தோன்றும் இடத்தில் கை வைக்காமல் விடுவதே பெயர்த்தெழுதுபவரின் ஒழுக்கம்.

அப்படியானால் தூய தமிழுக்கு இடம் எங்கே? இடம் உண்டு. ஒரு கல்வெட்டை மூன்று படிகளாக எழுதுக. முதற்படி, கல்லில் உள்ளவாறே, வரிக்கு வரி, வரி எண்ணிட்டு எழுதுவது. கிரந்த எழுத்து வருமிடத்தில் அதற்குரிய ஸ, ஹ, ஜ முதலிய வடிவங்களையே தடித்த எழுத்தில் எழுதுக. சிதைந்து ஐயமானதைப் பகர அடைப்புக்குள்ளும், முற்றும் அழிந்ததைப் புள்ளிகளாகவும், கல்லில் இல்லாமல் தாம் சேர்த்ததை உடுக்குறியோடும் காட்டுக. இரண்டாம் படி, புள்ளியிட்டுச் சொற்பிரித்து எழுதுவது. மூன்றாம் படி, இக்கால நல்ல தமிழில் பொருள் எழுதுவது. விண்ணேற்றமும் தலைமை அமைச்சனும் தம்பியும் மூன்றாம் படியில் ஆட்சி செய்யட்டும். அங்கே ஒரு வடசொல்லும் வேண்டா. முதற்படியில் தமிழன் சான்றாளன். மூன்றாம் படியில் அவன் உரையாசிரியன். சான்றாளன் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

இனி, அருகிலுள்ள வடமொழிக் கல்வெட்டு. ‘அது நமக்கு எதற்கு?’ என்று கேட்கத் தோன்றும். தமிழ்க் கல்வெட்டில் அரசன் பெயர் உண்டு; ஆண்டு இல்லை. மாறஞ்சடையன் என்னும் பெயரைப் பாண்டியர் பலர் தாங்கினர். ஆகவே, அப்பெயர் மட்டும் கொண்டு காலத்தை உறுதிசெய்ய இயலாது. கிரந்தக் கல்வெட்டிலோ ஆண்டு சொல்லால் எழுதப்பட்டுள்ளது: ஆயிரம் மூன்று, நூறு எட்டு, எழுபதும் ஒன்றும். கூட்டினால் கலியாண்டு 3871. அது கி.பி. 770. பாண்டியர் வரலாற்றுக்கு இவ்வாண்டு ஓர் ஊன்றுகோல். அதே நெடுஞ்சடையன் தன் 3-ஆம் ஆட்சியாண்டில் வெளியிட்ட வேள்விக்குடிச் செப்பேட்டிலும் மாறங்காரி வருகின்றான். ஆகவே, அச்செப்பேட்டின் காலமும் இக்கல்லின் ஆண்டை ஒட்டியே துணியப்படுகின்றது. கிரந்தம் என்று ஒதுக்கியிருந்தால் தமிழ்க் கல்வெட்டு ஆண்டற்றுப் போயிருக்கும். தமிழை ஒதுக்கியிருந்தாலோ, அண்ணன் இறந்ததும் தம்பி முடித்ததும் தெரியாமற் போயிருக்கும்.

கிரந்தத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்க்கும்போது இரண்டு இடர்கள் உண்டு. ஒன்று, அடுக்கெழுத்து. கிரந்தத்தில் மெய்யும் உயிர்மெய்யும் சேரும்போது ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி வெட்டுவர். ‘ஸ்வ’ என்பதில் ஸகரத்தின் கீழே வகரம் தொங்கும். படத்தை வரிவரியாக வெட்டி எடுக்கும்போது அத்தொங்கல் அடுத்த வரிக்குப் போய்விடும். கீழ்வரியின் எழுத்துக்கு மேலே பொருளற்ற கோடு ஒன்று நின்றால், அது மேல்வரியின் தொங்கலா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மற்றொன்று, ஒலி. வடமொழியில் ககரம் நான்கு, தமிழில் ஒன்றே. ‘கதா’ என்று மட்டும் தமிழில் எழுதினால் அது கதையைக் குறிக்கும் வடசொல்லா, கதாயுதத்தைக் குறிக்கும் வடசொல்லா என்று தெரியாது. எண்ணிட்டு, ‘கதா²’ என்றால் கதை. ‘க³தா³’ என்றால் படைக்கருவி. எண் இல்லாதது முதல் ஒலி. 2, 3, 4 என்பன அடுத்த மூன்று. இந்த எண் முறையால், தமிழில் புதிய எழுத்து ஒன்றும் புகுத்தாமலே வடமொழிக் கல்வெட்டின் வல்லொலிகளை முழுமையாகக் காட்டலாம்.

இறுதியாக, பிழையைப் பிடிக்கும் வழி ஒன்று. முன்னே அச்சான பாடத்தை முதலில் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண், அச்சில் உள்ளதையே கல்லில் காணும். இருவர் தனித்தனியே படித்து, ஒருவர் படியை மற்றவர் பாராமல் எழுதி, பின்னர் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். இருவரும் வேறுபட்ட இடங்களைக் குறித்துக்கொண்டு, அச்சான பாடத்தை அதன்பின் பார்க்க வேண்டும். அதிலும் தீராத இடம் இருந்தால், படத்தை விட்டுக் கல்லிடம் மீண்டும் செல்ல வேண்டும். மாறங்காரி நீர்த்தெளியாமல் போன கோயிலுக்கு எயினன் நீர்த்தெளித்தான். படிப்பவர் துணிய முடியாத எழுத்தையும் அவ்வாறே அடைப்புக்குள் இட்டு அடுத்தவர்க்கு விட்டுச் செல்லலாம். வேறு ஒளியில், வேறு கண்ணோடு வருபவர் அதனை முடிப்பர்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் மெய்வரலாறு!